பழைய நம்பர், பழைய முகவரி: வங்கி யாரைத் தேடும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 56. கணவர் காலமான பிறகு கோவில்பட்டி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு வருடமாகத் திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் சேமிப்புக் கணக்கும் மூன்று லட்சம் டெபாசிட்டும் இன்னும் கோவில்பட்டிக் கிளையில்தான். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எட்டு மாதம் ஆகிறது. புது நம்பரை ஆதாரில் மாற்றிவிட்டேன். ஏடிஎம்மில் பணம் ஒழுங்காக வருகிறது, வட்டியும் விழுகிறது. கோவில்பட்டி போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். வங்கியில் நம்பரையும் முகவரியையும் மாற்றியே ஆகவேண்டுமா? ஆதாரில் மாற்றியது போதாதா?
— ஒரு வாசகி, திருப்பூர்

வணக்கம் அம்மா.

போதாது. ஆதாரில் மாற்றிய நம்பர் ஆதாரில் மட்டும்தான் மாறும். வங்கிக்கு அது தானாக வந்து சேராது. உங்கள் கணக்கும் ஆதாரும் இணைக்கப்பட்டிருந்தாலும் அப்படித்தான். இது பலருக்கும் இருக்கிற குழப்பம். நான் கிளை மேலாளராக இருந்த காலத்தில் வாரம் ஒருவராவது "ஆதார்ல மாத்தியாச்சே சார்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆதார் ஒரு பதிவேடு, வங்கி இன்னொரு பதிவேடு. இரண்டிலும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் கோவில்பட்டிக்கு நீங்கள் போகத் தேவையிருக்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பணம் ஒழுங்காக வரும்போது ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கு, என் கிளையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளும் ஊரும் வேண்டாம்.

ஒரு புதன்கிழமை காலை, கவுண்டரில் கூட்டமாக இருந்தபோது, கட்டட வேலை செய்கிற இளைஞர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், நான் உங்க பேங்க்ல கணக்கே வைக்கல. ஆனா எனக்குப் பணம் எடுத்ததா மெசேஜ் வருது" என்றார். வாங்கிப் பார்த்தேன். நான்கு எஸ்எம்எஸ். வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. நான்கிலும் 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக இருந்தது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்துத் தேடியதில், எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒரு பெண்மணியின் கணக்கு அது என்று தெரிந்தது. உடனே அவரை அழைக்கலாம் என்று கம்ப்யூட்டரில் இருந்த நம்பருக்கு டயல் செய்தேன். மேஜைமேல் இருந்த அந்தப் பையனின் போன் அடித்தது.

அந்த அம்மா தன் பழைய சிம்மை ஒரு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். நம்பர் கைமாறி இந்தப் பையனிடம் வந்துவிட்டது. பையன் நல்லவர், நேரில் வந்து சொன்னார். சந்தேகம் எழுந்ததால் கணக்கில் பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தோம். அப்புறம் பதிவில் இருந்த முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பினோம். அது ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் பேனாவால் எழுதியிருந்தார்: "வீடு மாறிவிட்டார்."

அதற்கு மேல் அவரைத் தேட எங்களிடம் வழி இல்லை. வங்கிக்கு உங்களைத் தெரியும் என்றால் அது இரண்டே வரிகளில்தான் தெரியும்: ஒரு பத்து இலக்க நம்பர், ஒரு முகவரி. கவுண்டரில் உங்கள் முகம் தெரிந்தவர் இருந்தாலும், உங்கள் வீடு தெரிந்தவர் இருந்தாலும், வங்கி அனுப்புவதெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குத்தான் போகும்.

பணம் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை இருக்கிறதல்லவா, மளிகைக் கடையிலும் இ-சேவை மையத்திலும் சிறிய கருவி வைத்திருப்பார்களே, அந்த ஆதார் வழி. அதற்கு ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இருந்தால் போதும். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கிராமத்தில் வங்கி இல்லாத இடத்தில் முதியோருக்குப் பெரிய உதவி அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்திரங்களிலும் நகல்களிலும் பதிந்த ரேகையை எடுத்துப் போலி ரேகை செய்து, இந்த வழியில் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கார்டில் பொருள் வாங்கும்போதும் யுபிஐயில் அனுப்பும்போதும் ஓடிபியோ பின் நம்பரோ உங்களைக் கேட்கும். அதாவது பணம் போவதற்கு முன்பே ஒரு கதவு இருக்கிறது. கைரேகை வழியில் அந்தக் கதவு இல்லை. பணம் போன பிறகு வரும் எஸ்எம்எஸ் ஒன்றுதான் உங்களுக்கு மணி அடிக்கும். அந்த மணி வேறொருவர் வீட்டில் அடித்தால், பாஸ்புக் பதியப் போகும் நாள்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஏடிஎம்மில் பணம் வரவில்லை என்று கேட்கத்தான் அவர் கிளைக்கு வந்தார். கடைசியாகப் பணம் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அது பதிமூன்றாம் நாள்.

இந்த நாள் கணக்குதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் நஷ்டம் யாருடையது என்பதை அது வகுத்தது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளர் எதையும் ஏற்க வேண்டாம். வங்கியும் தவறு செய்யவில்லை, வாடிக்கையாளரும் செய்யவில்லை, நடுவில் மூன்றாம் ஆள் புகுந்துவிட்டான் என்றால், வாடிக்கையாளர் எத்தனை நாளில் வங்கிக்குச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். வங்கியிடமிருந்து தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் சுழியம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 10,000 ரூபாய் வரை வாடிக்கையாளர் தலையில் விழும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்றால் 5,000. ஏழு நாளுக்கு மேல் போய்விட்டால், அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படிதான்.

இதை அந்த அம்மாவின் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் பத்தாயிரம் வியாழக்கிழமை மாலை போயிற்று. தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளி முதல் நாள். அடுத்தது மாதத்தின் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. ஞாயிறும் விடுமுறை. திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள். செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லியிருந்தால் அந்தப் பத்தாயிரத்துக்குப் பிரச்சினையே இல்லை. அவர் கையில் போன் சரியாக இருந்திருந்தால் வியாழக்கிழமை இரவே வங்கியின் உதவி எண்ணுக்குச் சொல்லியிருப்பார். சொன்ன பிறகு போகிற பணம் முழுக்க வங்கியின் பொறுப்பு. ஆக, வெள்ளி, திங்கள், செவ்வாய் போன முப்பதாயிரம் போயிருக்கவே போயிருக்காது. போயிருந்தாலும் அது அவருடைய நஷ்டம் ஆகியிருக்காது.

இப்போது நடந்ததைப் பாருங்கள். அவர் வந்து புகார் கொடுத்தது நான்காம் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை. கடைசியாகப் பணம் போன செவ்வாயிலிருந்து எண்ணினாலே அது பத்தாம் வேலை நாள். முதல் பரிவர்த்தனைக்கு அதைவிட அதிகம். நான்குமே ஏழு நாளைத் தாண்டிவிட்டன.

நான்கு முதல் ஏழு நாளுக்குள் வந்திருந்தாலும் அவருக்குப் பெரிய லாபம் இருந்திருக்காது. பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 10,000 வரை வாடிக்கையாளர் பொறுப்பு என்றேன் அல்லவா, கைரேகை வழியில் ஒவ்வொரு முறையும் எடுப்பதே 10,000தான். அதனால் இந்த வகை மோசடியில் அந்த முதல் மூன்று நாட்கள்தான் எல்லாம்.

"எனக்குத் தகவலே வரவில்லையே, அப்புறம் எப்படி நாள் எண்ணுவீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். சுற்றறிக்கையும் தகவல் கிடைத்ததிலிருந்து என்றுதான் சொல்கிறது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு உண்டு என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் வங்கியின் மேலிடம் என்ன சொல்லும் என்றால், நீங்கள் எழுதிக் கொடுத்த நம்பருக்கு நாங்கள் அந்த நிமிடமே அனுப்பினோம், போய்ச் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது, நம்பர் மாறியதை நீங்கள்தான் சொல்லவில்லை என்று. அந்த இளைஞரின் போனில் நான்கு எஸ்எம்எஸ்ஸும் இருந்ததே அதற்குச் சாட்சியாகிவிட்டது. நான் அவருக்கு ஆதரவாகத்தான் குறிப்பு எழுதி அனுப்பினேன். ஐந்து மாதம் இழுத்தடித்து, நாற்பதாயிரத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். சரியான நம்பர் இருந்து மூன்று நாளுக்குள் சொன்னவருக்கு, புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பது அதே சுற்றறிக்கையின் விதி. ஐந்து மாதத்துக்கும் பத்து நாளுக்கும் நடுவில் இருந்தது ஒரு படிவம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. கிளையிலிருந்து நாங்களும் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய நம்பர் இப்போது யாரிடம் இருக்கும்?

பிரீபெய்ட் சிம்மைத் தொடர்ந்து 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல், அதில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் விட்டால், இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் கூட்டினால் 195 நாள், ஏறக்குறைய ஆறரை மாதம். நீங்கள் விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆக, உங்கள் நம்பர் வேறொருவர் கைக்கு ஏற்கெனவே போயிருக்கலாம். உங்கள் வட்டி விழுகிற நாள், தொகை, மிச்ச இருப்பு எல்லாம் முகம் தெரியாத ஒருவருக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

அவர் அதை வைத்து உங்கள் பணத்தை எடுத்துவிட முடியுமா? உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை, எதுவரை முடியும் என்று சொல்கிறேன். அந்த சிம் போட்ட போனில் ஒரு யுபிஐ செயலியை நிறுவி, உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால், அந்த நம்பரோடு இணைந்த கணக்கு இருக்கிறது என்று காட்டும். ஆனால் பணம் அனுப்ப யுபிஐ பின் அமைக்க வேண்டும். அதற்கு உங்கள் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் வேண்டும், அல்லது ஆதார் வழி ஓடிபி வேண்டும். ஆதாரில் நம்பரை நீங்கள் மாற்றிவிட்டதால் இரண்டாவது வழி அவருக்கு அடைந்துவிட்டது. அந்த ஒரு காரியம் உங்களைப் பெரிதும் காப்பாற்றியிருக்கிறது, நல்ல வேளை. ஆனால் உங்கள் கார்டைப் பற்றிய விவரம் எங்காவது வெளியே போயிருந்தால், முதல் வழி திறந்தே இருக்கிறது. கார்டில் பொருள் வாங்கும்போது வரும் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. அதைப் பார்த்துத் தங்கள் பதிவேட்டைச் சரிசெய்யும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அப்படி உங்கள் நம்பரை வங்கி நீக்கியிருந்தால், அந்நியருக்கு எஸ்எம்எஸ் போவது நிற்கும். ஆனால் உங்களுக்கும் எதுவும் வராது. மணியே இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

முகவரிக்கு வருவோம். "இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். போடுகிறார்கள். குறிப்பாக கேஒய்சி விஷயத்தில். உங்களைப் போன்ற குறைந்த இடர் உள்ள வாடிக்கையாளருக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். தேதி வருவதற்கு முன் வங்கி மூன்று முறையாவது தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும், தேதி கடந்த பிறகும் மூன்று நினைவூட்டல், அதிலும் ஒன்று கடிதம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் விதித்தது. எஸ்எம்எஸ் வராதவருக்குக் கடிதமாவது போய்ச் சேரட்டும் என்பதுதான் அதன் நோக்கம். உங்களுக்கோ எஸ்எம்எஸ் யாரோ ஒருவருக்குப் போகும், கடிதம் கோவில்பட்டியில் உங்கள் பழைய வீட்டுக்குப் போகும். ஒரு நாள் ஏடிஎம்மில் பணம் வராது. கேட்டால் கேஒய்சி முடிந்து பல மாதம் ஆகிறது, ஆறு முறை தெரிவித்தோம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

கார்டும் அப்படித்தான். டெபிட் கார்டு காலாவதியாகும்போது புதியது பதிவில் உள்ள முகவரிக்குத்தான் தபாலில் வரும். உங்கள் கார்டை எடுத்து முன்பக்கமோ பின்பக்கமோ இருக்கும் மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் முகவரி வேலையைத் தள்ளிப்போடவே வேண்டாம். ஆள் இல்லாத வீட்டுக்குப் போகும் கார்டு திரும்பி வந்தால் பரவாயில்லை. இப்போது அங்கே குடியிருப்பவர் தெரிந்த முகமாயிற்றே என்று வாங்கி வைத்தால், உங்கள் கார்டின் விவரம் ஒரு வீட்டில், உங்கள் ஓடிபி வரும் நம்பர் இன்னொரு கையில் என்று ஆகும்.

இனி செய்ய வேண்டியது. திருப்பூரில் உங்கள் வங்கியின் கிளை எதுவாக இருந்தாலும் அங்கே போங்கள். இப்போது எல்லாக் கிளைகளும் ஒரே கணினி வலையில் இருப்பதால், பெரும்பாலான வங்கிகளில் இந்த மாற்றங்களை எந்தக் கிளையிலும் ஏற்கிறார்கள். பாஸ்புக், ஆதார் அசல், பான் கார்டு, இவற்றின் நகல்கள், புது நம்பர் இருக்கும் போன் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நம்பர் கையில் இருப்பவர்கள் இணைய வங்கியிலோ ஏடிஎம்மிலோ மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அங்கே பழைய நம்பருக்கும் ஓடிபி போகும். உங்களிடம் அது இல்லை என்பதால் கிளைதான் வழி. நீங்களே நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். மகளை அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. யாரோ ஒருவர் வந்து நம்பரை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கெடுபிடி.

படிவத்தில் நம்பரை எழுதும்போது ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம் என்று நிதானமாக எழுதுங்கள். எழுதியதை மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் ஏழும் குழம்பி, புது நம்பரும் தவறாக ஏறிய கணக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

முகவரிக்கு, ஆதாரிலேயே திருப்பூர் முகவரி மாறியிருந்தால் அதுவே ஆதாரம். ஆதாரில் இன்னும் கோவில்பட்டிதான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். முகவரி மட்டும் மாறியிருக்கும் வாடிக்கையாளர், புது முகவரியைத் தானே எழுதிக் கையெழுத்திட்டு அறிவித்தால் போதும் என்று கேஒய்சி விதி இடம் கொடுக்கிறது. அதை இரண்டு மாதத்துக்குள் வங்கி சரிபார்த்துக்கொள்ளும், அந்த முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ. அப்படிக் கடிதம் வந்தால் வாங்குங்கள், வீட்டில் யாராவது திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் வீடு என்பதால், முகவரியில் மருமகன் பெயரையும் "மேற்பார்வை" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தபால்காரருக்கு உங்கள் பெயர் புதிது, வீட்டுக்காரர் பெயர் பழக்கம். வாசலில் இருந்து கடிதம் திரும்பிப் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று எனக்கு உறுத்துகிறது. அந்த மூன்று லட்சம் டெபாசிட் ரசீதை எடுத்துப் பாருங்கள். முதல் பெயர் உங்களுடையதா, உங்கள் கணவருடையதா? வங்கியில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கையாளர் எண் உண்டு. நம்பரும் முகவரியும் அந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கும். டெபாசிட் இருவர் பேரிலும் இருந்து முதல் பெயர் அவருடையது என்றால், முதிர்வு பற்றிய தகவல்கள் அவருடைய நம்பருக்குப் போகும். உங்கள் எண்ணில் எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் அந்த டெபாசிட்டில் மாறாது. அப்படி இருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலைக் கொடுத்து அவர் பெயரை நீக்கச் சொல்லுங்கள், அதே நேரம் நாமினி யார் என்றும் பாருங்கள். உங்கள் எந்தக் கணக்கிலாவது அவர் நாமினியாக இருந்தால் மகளின் பெயரைப் போடுங்கள்.

இன்னொன்று. பல வருடத்துக்கு முன் திறந்த கணக்குகளில் ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண் இருப்பது சாதாரணம். சேமிப்புக் கணக்கு ஒன்றில், டெபாசிட் இன்னொன்றில். ஆகவே கவுண்டரில் "என் பேர்ல எத்தனை எண் இருக்கு, எல்லாத்துலயும் மாத்துங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் நீங்கள் பாஸ்புக் காட்டிய ஒன்றில் மட்டும்தான் மாற்றுவார்கள்.

மாறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? படிவத்தில் முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். நாளைக்கு ஏதேனும் தகராறு வந்தால், எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டொரு நாளில் புது நம்பருக்கு மாற்றம் ஏற்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வரும். அதோடு விடாதீர்கள். இருப்பு அறிய மிஸ்டு கால் கொடுக்கும் எண்ணைப் பல வங்கிகள் வைத்திருக்கின்றன. அது பதிவான நம்பரிலிருந்து அழைத்தால்தான் பதில் தரும். புது போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். இருப்பு வந்தால் நம்பர் ஏறிவிட்டது. பிறகு ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்து, எஸ்எம்எஸ் வருகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மிஸ்டு காலுக்குப் பதில் வந்து, பணம் எடுத்ததற்கு எஸ்எம்எஸ் வராவிட்டால், எச்சரிக்கைச் சேவை உங்கள் கணக்கில் பதிவாகவில்லை என்று அர்த்தம். அதே படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்து கொடுக்க வேண்டும். சில வங்கிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறு கட்டணம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். நம்பர் மாற்றிய பிறகு சில வங்கிகளில் யுபிஐயும் இணைய வங்கியும் கொஞ்ச நேரம் கட்டுப்பட்டிருக்கும். அது பாதுகாப்புக்காக, பிழை இல்லை.

ஆதாரில் புது நம்பர் இருப்பதால் உங்களால் இன்னொன்றும் செய்ய முடியும். ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். அதற்கு ஓடிபி ஆதார் நம்பருக்கு வரும், அது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பூட்டிய ரேகையால் யாரும் பணம் எடுக்க முடியாது. ரேஷன் கடைக்கோ சிம் வாங்கவோ தேவைப்படும்போது திறந்துவிட்டு மறுபடி பூட்டலாம். நாற்பதாயிரம் இழந்த அந்த அம்மாவுக்கு நான் முதலில் செய்து கொடுத்தது இதைத்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, போனில் யாராவது "உங்க கேஒய்சி முடிஞ்சிருச்சு, நம்பர் மாத்தணும், இந்த லிங்க்கை அழுத்துங்க" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம்பர் மாற்றுகிற எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்பி நிறுவச் சொல்லாது. அப்படி வரும் கோப்புகள் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அப்படியே இன்னொருவருக்குத் திருப்பி அனுப்பும். போன் உங்கள் கையில் இருந்தாலும் ஓடிபி அவனிடம் போய்விடும். நீங்கள் கிளைக்குப் போவீர்கள், அங்கே மாற்றுவீர்கள், அவ்வளவுதான். தெரியாத பரிவர்த்தனைக்கு எஸ்எம்எஸ் வந்தால் முதலில் பாஸ்புக்கின் பின்னால் இருக்கும் வங்கியின் உதவி எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அடுத்து 1930-க்குச் சொல்லுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். இரண்டையும் அதே நாளில்.

திருப்பூர் கிளையில் "ஹோம் பிராஞ்சுக்குத்தான் போகணும்" என்று ஒருவேளை சொன்னால், சண்டை வேண்டாம். கையெழுத்திட்ட கடிதத்தையும் நகல்களையும் கொடுத்து, கோவில்பட்டிக் கிளைக்கு அனுப்பிவைக்கக் கேட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அதற்கும் மறுத்தால், நகல்களில் கையொப்பமிட்டு ஸ்பீடு போஸ்ட்டில் நீங்களே அனுப்புங்கள். கிளம்பும் முன் பாஸ்புக்கைப் பதிந்து, கடந்த எட்டு மாத வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு வரி உங்களுக்குப் புரியாமல் இருந்தால் அன்றே, அந்தக் கவுண்டரிலேயே எழுத்தில் கேளுங்கள்.